அட்டவணையில் நைட்ரேட் வரி தப்பு: திருத்தக் குறிப்பை எப்படி எழுதுவது?

*மேடம், பெங்களூரில் பிஎச்.டி. செய்கிறேன். வர்த்தூர், ஒயிட்ஃபீல்ட் பக்கம் 24 போர்வெல்களின் தண்ணீரைச் சோதித்து நாங்கள் எழுதிய கட்டுரை போன வருடம் வெளிவந்தது. அதன் அட்டவணை 3-இல் நைட்ரேட் வரியில் குறைந்தது 0.9, அதிகபட்சம் 21.4, சராசரி 8.6, இந்தியத் தர வரம்பு 45 என்று இருக்கிறது. ஆனால் உரையில் 9 கிணறுகள் வரம்பைத் தாண்டின என்று எழுதியிருக்கிறோம். இது எப்படி என்று டெல்லியிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் மெயில் போட்ட பிறகுதான் கவனித்தேன். அந்த எண்கள் நைட்ரேட்-நைட்ரஜனாக வந்தவை, வரியின் பெயர் மட்டும் NO₃⁻ என்று போய்விட்டது. டைப் செய்தது அப்போதிருந்த இன்டர்ன். உடல்நல அபாயக் கணக்கும் கட்டுரையில் உண்டு. கைட் "சின்ன விஷயம், விடுப்பா" என்கிறார். எர்ரேட்டம் போடணுமா? போட்டால் எப்படி எழுதுவது? பெயர் கெட்டுவிடுமோ என்று பயம்.*

போடணும். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. உங்கள் கைட் சொல்வது ஏன் சரியில்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அவரிடம் பேசும்போது உங்களுக்கு உதவும். உங்கள் கட்டுரையை முழுசாகப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான், அட்டவணையை மட்டும் பார்ப்பவர்கள் நிறைய. வர்த்தூர் பக்கம் ஓர் அபார்ட்மென்ட் சங்கத்தின் செயலாளர், போர்வெல் தண்ணீரைச் சமையலுக்கு விடலாமா என்று தேடி உங்கள் அட்டவணைக்கு வருகிறார் என்று வையுங்கள். அதிகபட்சமே 21.4, வரம்பு 45, அப்படியென்றால் பாதிக்கும் கீழே, பிரச்சினை இல்லை என்று மூடிவிட்டுப் போவார். உண்மையில் அந்த 21.4 நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும், முழு நைட்ரேட்டாக மாற்றினால் அந்த அதிகபட்சம் வரம்பின் இரண்டு மடங்கைத் தாண்டியது. உங்கள் உரை சொல்வதற்கு நேர் எதிரானதை உங்கள் அட்டவணை சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது.

சரி, எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது, பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அந்த எண்கள் நைட்ரஜனாக வந்தவைதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? உரையோடு பொருந்துகிறது என்பது நல்ல தடயம், ஆனால் ஆதாரம் ஆகாது. ஆய்வக நோட்டை எடுத்து ஸ்டாண்டர்ட் கரைசல் தயாரித்த பக்கத்தைப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 0.7218 கிராம் எடை போட்டு அதை 100 மி.கி. என்று எழுதியிருந்தால் அது நைட்ரஜன் கணக்கு. ஏறக்குறைய 0.163 கிராம் போட்டு 100 என்று எழுதியிருந்தால் அது நைட்ரேட் அயனிக் கணக்கு. யார் நினைவையும் நம்ப வேண்டாம், அந்த எடை சொல்லிவிடும். வெளி லேபில் கொடுத்துச் சோதித்திருந்தால் அவர்கள் கொடுத்த அசல் ரிப்போர்ட்டில் தலைப்பு என்ன என்று பாருங்கள், நீங்கள் எக்செலில் மறுபடி தட்டிய தாளில் பார்க்காதீர்கள், ஏனென்றால் தப்பு நுழைந்த இடம் அந்தத் தாளாகவே இருக்கலாம். இது உறுதியாகாமல் எர்ரேட்டம் அனுப்பிவிட்டு, அப்புறம் எர்ரேட்டத்துக்கே ஓர் எர்ரேட்டம் போட வேண்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையிலேயே தர்மசங்கடம்.

அதே தாளில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் இருந்தால் அவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். அவையும் நைட்ரஜனாகவோ பாஸ்பரஸாகவோ குறிக்கப்படும் பழக்கம் உண்டு, ஒரு வரியில் பெயரை மாற்றிய கை பக்கத்து வரியிலும் மாற்றியிருக்க வாய்ப்பு இருக்கிறது. குளோரைடு, சல்பேட், கடினத்தன்மை போன்றவற்றை லேப் ரிப்போர்ட்டோடு ஒரு முறை ஒப்பிட்டால் போதும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். திருத்தக் குறிப்பின் கடைசியில் எல்லோரும் ஒரு வாக்கியம் போடுவார்கள்: "இந்தப் பிழை கட்டுரையின் முடிவுகளைப் பாதிக்கவில்லை." எடிட்டரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். ஆனால் அது மரியாதைக்குப் போடும் வாக்கியம் இல்லை, நீங்கள் பொறுப்பேற்றுச் சொல்லும் ஒரு தகவல். அதை எழுதும் உரிமை, அந்த எண் கட்டுரையில் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் போய்ப் பார்த்த பிறகுதான் உங்களுக்கு வரும்.

உங்கள் விஷயத்தில் அது மூன்று இடங்களுக்குப் போயிருக்கும். முதலாவது, 9 கிணறுகள் என்ற எண்ணிக்கை. இது எளிது, மூலக் கோப்பில் 24 மதிப்புகளையும் நைட்ரேட்டாக மாற்றி 45-க்கு மேல் எத்தனை என்று எண்ணுங்கள். நைட்ரேட்டின் மூலக்கூறு எடை 62.005, நைட்ரஜனின் அணு எடை 14.007, வகுத்தால் 4.427, இந்த எண்ணால் பெருக்க வேண்டும். திருப்பிச் சொன்னால் நைட்ரஜன் கணக்கில் 10.2-க்கு மேல் இருக்கும் கிணறுகள். ஒன்பது வந்தால் நல்லது. எட்டோ பத்தோ வந்தால் உரையிலும் ஒரு திருத்தம் இருக்கிறது, அதையும் இதே குறிப்பில் சேர்க்க வேண்டும். இரண்டாவது, அயனிச் சமநிலைக் கணக்கு போட்டிருந்தீர்களா என்று பாருங்கள். நைட்ரஜன் எண்ணை 62-ஆல் வகுத்துச் சமானமாக மாற்றியிருந்தால் எதிர்மின் அயனிகள் பக்கம் குறைந்து, நைட்ரேட் அதிகமுள்ள கிணறுகளில் மட்டும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். எந்தக் கிணறு விலகுகிறது என்பதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

மூன்றாவது அந்த உடல்நல அபாயக் கணக்கு. எனக்கு இதில்தான் சந்தேகம். இதுபோன்ற கட்டுரைகளில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நைட்ரேட்டுக்குக் கொடுத்த 1.6 என்ற குறிப்பு அளவை, அதாவது ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 மி.கி. என்பதை, எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அந்த 1.6 நைட்ரஜன் கணக்கில் சொன்னது. நைட்ரேட் அயனியாக எடுத்தால் அது 7.1 ஆகும். இப்போது உங்கள் மிக மோசமான கிணற்றை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ ஆள், நாளைக்கு 2 லிட்டர் குடிக்கிறார். நைட்ரஜன் 21.4 என்றால் 21.4 × 2 ÷ 60, அதாவது 0.71. அதை 1.6-ஆல் வகுத்தால் 0.45. ஒன்றுக்குக் கீழே. அதே கிணற்றின் நைட்ரேட் மதிப்பு 94.7-ஐ எடுத்து, 1.6-ஐ மட்டும் மாற்றாமல் வகுத்திருந்தால் 1.97 வரும். ஒரே தண்ணீர், ஒரே ஆள், ஒன்றில் அபாயம் இல்லை, இன்னொன்றில் அபாயம் இரண்டு மடங்கு.

உங்கள் கட்டுரையில் எது நடந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீங்கள் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்கு 1.6, நைட்ரேட்டுக்கு 7.1 என்று பொருத்தமாகப் போட்டிருந்தால் நிம்மதி, பிழை அட்டவணையோடு நின்றுவிட்டது. கலந்து போட்டிருந்தால் இது வரியின் பெயர் தப்பிய விஷயம் என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அபாயக் குறியீட்டு எண்கள், அவற்றின் மேல் எழுதிய பத்தி, சுருக்கத்தில் வந்திருக்கக்கூடிய ஒரு வரி எல்லாம் மாறும். அதையும் அட்டவணைத் திருத்தம் என்ற தலைப்புக்குள் நுழைத்து அனுப்பக் கூடாது. எடிட்டரிடம் முழுக் கணக்கையும் வைத்து, எப்படித் திருத்தலாம் என்று கேட்க வேண்டும். பெரிய திருத்தமானாலும் அதுவும் திருத்தம்தான், கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆனால் முடிவு மாறுகிறது என்று தெரிந்தும் பாதிக்கவில்லை என்று எழுதினால், அப்போதுதான் நீங்கள் பயப்படும் அந்தப் பெயர்க்கேடு வரும்.

கீழே, கணக்கு சரியாக இருந்தது, தப்பு அட்டவணையில் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எதை மாற்றுவது? வரியின் பெயரை NO₃-N என்று மாற்றினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும், எண்களைத் தொட வேண்டாம், ஒரே சொல். ஆனால் அதே வரியின் கடைசிக் கட்டத்தில் 45 உட்கார்ந்திருக்கிறதே. அது ஐஎஸ் 10500 : 2012 நைட்ரேட் அயனியாகக் கொடுத்த வரம்பு. பெயரை மட்டும் மாற்றினால் நைட்ரஜன் எண்களுக்குப் பக்கத்தில் நைட்ரேட் வரம்பு நிற்கும், பழைய தப்பு போய்ப் புதுத் தப்பு வரும், இந்த முறை திருத்தம் என்ற முத்திரையோடு. வரம்பையும் 10.2 என்று மாற்றலாம், கணக்குப்படி சரி, ஆனால் தர ஆவணத்தில் இல்லாத ஓர் எண்ணை நீங்கள் தர வரம்பு என்று அச்சிடுகிறீர்கள். அதனால் உங்களுக்கு என் யோசனை வேறு: பெயரும் வரம்பும் அப்படியே இருக்கட்டும், மூன்று எண்களை நைட்ரேட்டாக மாற்றுங்கள். உங்கள் உரையும் நைட்ரேட் கணக்கிலேயே பேசுகிறது, அட்டவணையும் அதோடு சேர்ந்துகொள்ளும். வரம்புக் கட்டமே இல்லாத அட்டவணையாக இருந்தால் பெயரை மாற்றுவதையே சொல்லியிருப்பேன், ஏனென்றால் பழைய பிரதி வைத்திருப்பவர்கள் கையிலிருக்கும் எண்களை அப்படியே பயன்படுத்தலாம்.

மாற்றும்போது அச்சான எண்களைப் பெருக்காதீர்கள், அவை ஏற்கனவே சுருக்கப்பட்டவை. மூலக் கோப்பில் அதிகபட்சம் 21.38 என்று இருக்கிறது என்று வைப்போம். 21.4-ஐப் பெருக்கினால் 94.7, 21.38-ஐப் பெருக்கினால் 94.6. இந்த 0.1-ஆல் யாருக்கும் ஒன்றும் ஆகாது, ஆனால் உரையில் 94.6 என்றும் திருத்தத்தில் 94.7 என்றும் இருந்தால் இன்னொரு மெயில் வரும். குறைந்தபட்சத்திலும் இப்படித்தான், மூலத்தில் 0.88 இருந்தால் 3.9, அச்சான 0.9-ஐப் பெருக்கினால் 4.0. சராசரி 8.6-ஐப் பெருக்கினால் 38.1 வரும், அதையும் மூலக் கோப்பிலிருந்தே கணக்கிடுங்கள்.

இனி குறிப்பு. ஜர்னலுக்கு ஆங்கிலத்தில்தான் போகும், எதை எந்த வரிசையில் சொல்வது என்பதற்காகத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன். முதலில், இப்படி எழுதாதீர்கள்:

"மேற்கண்ட கட்டுரையின் அட்டவணை 3-இல் கவனக்குறைவாக ஒரு சிறிய அச்சுப்பிழை ஏற்பட்டுள்ளது. திருத்தப்பட்ட அட்டவணை கீழே தரப்படுகிறது. இது முடிவுகளை எவ்விதத்திலும் பாதிக்காது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இதைப் படிப்பவருக்கு என்ன தெரிகிறது? எந்த வரி என்று தெரியாது, என்ன தப்பு என்று தெரியாது, இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் வைத்து ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்க வேண்டும். "ஏற்பட்டுள்ளது" என்றால் அதுவாகவே ஏற்பட்டுக்கொண்டதா? அச்சுப்பிழை என்பதும் பொய், அச்சகம் நீங்கள் கொடுத்ததைத்தான் அச்சிட்டது. சிறிய என்று நீங்களே ஏன் தீர்ப்பு சொல்கிறீர்கள், படிப்பவர் சொல்லட்டும்.

இப்படி எழுதலாம்:

"இந்தக் கட்டுரையின் அட்டவணை 3-இல், 'NO₃⁻ (mg/L)' என்று குறித்த வரியில் நாங்கள் கொடுத்த எண்கள் நைட்ரேட் அயனியாக அல்ல, நைட்ரேட்-நைட்ரஜனாகக் கணக்கிடப்பட்டவை. குறைந்தபட்சம் 0.9, அதிகபட்சம் 21.4, சராசரி 8.6 என்பவை முறையே 3.9, 94.6, 38.1 என்று இருக்க வேண்டும். அதே வரியில் உள்ள 45 என்ற வரம்பு நைட்ரேட் அயனிக்கானது, அது சரி. ஆய்வக முடிவுகளை அட்டவணைக்கு மாற்றும்போது அலகு அடிப்படையை நாங்கள் தவறாகக் குறித்தோம், வெளியீட்டுக்கு முன் சரிபார்த்தபோதும் கவனிக்கவில்லை. மாதிரிகள் மறுபடி சோதிக்கப்படவில்லை, மாற்றம் அலகில் மட்டுமே. அட்டவணையின் மற்ற வரிகளை மூலத் தரவோடு ஒப்பிட்டோம், வேறு பிழை இல்லை. வரம்பைத் தாண்டிய கிணறுகளின் எண்ணிக்கையும் அபாயக் கணக்கும் சரியான அலகிலேயே செய்யப்பட்டவை, மறுபடி கணக்கிட்டுப் பார்த்தோம், மாறவில்லை. ஆனால் அட்டவணை 3-ஐ மட்டும் பயன்படுத்தியவர்கள் நைட்ரேட் அளவை ஏறக்குறைய 4.4 மடங்கு குறைவாக எடுத்திருப்பார்கள். பிழைக்கு வருந்துகிறோம்."

கீழே முழு அட்டவணை. அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு வாக்கியமும் யாரோ ஒருவர் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே சொல்வது ஏனென்றால், கையில் பழைய பிடிஎஃப் வைத்திருப்பவர் தன்னிடம் இருப்பது எது என்று உடனே பார்த்துக்கொள்ளலாம். "மறுபடி சோதிக்கப்படவில்லை" என்று சொல்லாவிட்டால், எண்கள் மாறியதைப் பார்த்துப் புதிதாக அளந்தீர்களோ என்று நினைப்பார்கள். கடைசிக்கு முந்தின வாக்கியம் சில எடிட்டர்களுக்குப் பிடிக்காது, தேவையா என்பார்கள். தேவை என்று நில்லுங்கள். வேறு ஊர் ஆய்வுகளோடு சேர்த்துத் தொகுப்பவர் உங்கள் உரையைப் படிக்காமல் அட்டவணையிலிருந்து 8.6-ஐ மட்டும் எடுத்திருப்பார், அவருக்காகத்தான் அந்த வாக்கியம்.

இன்டர்ன் பெயரோ, "ஒரு மாணவர் செய்த தவறு" என்ற குறிப்போ வேண்டவே வேண்டாம். டைப் செய்தது யாராக இருந்தாலும் ப்ரூஃப் பார்த்து ஓகே சொன்னது நீங்கள் எல்லோரும். "நாங்கள்" போதும். டெல்லிக்காரருக்கு நன்றி சொல்ல ஆசையென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் பெயர் போடுங்கள், சிலர் விரும்புவதில்லை.

எர்ரேட்டமா கோரிஜெண்டமா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சில பதிப்பகங்கள் தங்கள் பக்கத் தப்புக்கு முதலாவதையும் ஆசிரியர் தப்புக்கு இரண்டாவதையும் வைத்திருக்கின்றன, சில இடங்களில் ஆசிரியர் திருத்தம் என்றே தலைப்பு. உங்கள் ஜர்னல் எதைச் சொல்கிறதோ அது. ஆனால் ஒரு முறை ப்ரூஃபைத் திறந்து, நீங்கள் அனுப்பிய கோப்பிலேயே தப்பு இருந்ததா என்று பாருங்கள், எடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

எடிட்டருக்குக் கரெஸ்பாண்டிங் ஆத்தர்தான் எழுத வேண்டும், உங்கள் கட்டுரையில் அது பெரும்பாலும் கைடாக இருப்பார். அவரிடம் வெறுங்கையோடு போய் "சார், தப்பு நடந்துடுச்சு" என்று நிற்காதீர்கள். மறு கணக்கு ஒரு பக்கம், குறிப்பின் வரைவு ஒரு பக்கம், டெல்லி மெயில் ஒன்று, மூன்றையும் மேசையில் வையுங்கள். வெளியாள் ஒருவர் எழுத்தில் கேட்டுவிட்டார், அவர் நாளைக்கு ஜர்னலுக்கே எழுதலாம், அதற்கு முன் நாமே எழுதினால் நல்லது என்று சொன்னால் பெரும்பாலான கைடுகளுக்குப் புரிந்துவிடும். அப்படியும் மறுத்தால் நீங்களே எடிட்டருக்கு எழுதலாம், ஆனால் அவரையும் மற்ற ஆசிரியர்களையும் நகலில் வைத்து எழுதுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். எப்படியும் எல்லா ஆசிரியர்களின் ஒப்புதலையும் ஜர்னல் கேட்கும்.

எடிட்டர் சில சமயம் "இணையப் பக்கத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறோம், தனிக் குறிப்பு வேண்டாம்" என்பார். சௌகரியமாகத் தோன்றும். ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் ஒரே டிஓஐ-யில் இரண்டு விதமான அட்டவணை உலவும், எது எப்போது மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது, பழையதை மேற்கோள் காட்டியவர் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். தனிக் குறிப்பு, அதற்குத் தனி டிஓஐ, கட்டுரைப் பக்கத்திலிருந்து அதற்கும் அங்கிருந்து இதற்கும் இணைப்பு என்று கேளுங்கள். பெரும்பாலான ஜர்னல்களில் அதுதான் நடைமுறை.

குறிப்பு வெளிவந்ததும் உங்கள் கையில் இருக்கும் மற்ற பிரதிகளை ஒரு சுற்று பாருங்கள். ஜெனோடோவில் தரவுக் கோப்பு போட்டிருந்தால் பழையதை அழிக்காமல் புதுப் பதிப்பாக ஏற்றி, என்ன மாறியது என்று விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை என்றால் அந்த அத்தியாயத்தில் திருத்திவிட்டு, வெளியான கட்டுரையோடு எண் ஏன் வேறுபடுகிறது என்று அடிக்குறிப்பு போடுங்கள், இல்லையென்றால் வைவாவில் யாராவது அதையே கேட்பார்கள்.

டெல்லிக்காரருக்குப் பதில் எழுத இந்தக் குறிப்பு வெளிவரும் வரை காத்திருக்காதீர்கள், ஜர்னல் வேலை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இழுக்கும். ஆய்வக நோட்டைப் பார்த்து உறுதி செய்த அன்றைக்கே, நீங்கள் சொன்னது சரி, அந்த வரி நைட்ரஜன் கணக்கில் இருக்கிறது, 4.427-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், ஜர்னலுக்கு எழுதுகிறோம் என்று நாலு வரி அனுப்பி, 24 கிணறுகளின் மதிப்புகளையும் இணைத்துவிடுங்கள், ஒவ்வொரு பத்தியின் தலைப்பிலும் அலகை எழுதி.